கொப்பியிலிருந்து ஒரு தாளுக்கு: வரலாற்று அலகொன்றை மனவரைபடமாக்குதல்

க.பொ.த. சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் மாணவரைக் கூடுதலாகக் குழப்பும் பகுதிகளில் ஒன்று, பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை கண்ட அரசியல் யாப்புச் சீர்திருத்தங்கள். கோல்புறூக், குறூ-மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி என்று பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சபை, ஓர் ஆண்டு, ஓர் அங்கத்தவர் தொகை. வகுப்பில் கேட்கும்போது விளங்கும். இரண்டு கிழமை கழித்து, தேர்தல் மூலம் அங்கத்தவரைத் தெரிவுசெய்யும் முறை எப்போது வந்தது, சர்வசன வாக்குரிமை எப்போது வந்தது என்று கேட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இந்த அத்தியாயத்தில் அந்த அலகின் வகுப்புக் குறிப்புகளை ஒரே தாளில் மனவரைபடமாக மாற்றப் போகிறோம். எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு சீர்திருத்தத்தின் குறைதான் அடுத்த சீர்திருத்தத்துக்குக் காரணம். அந்தத் தொடர்பு தாளில் கண்ணுக்குத் தெரிந்தால் ஆண்டுகளும் எண்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். தெரியாவிட்டால், எத்தனை வண்ணத்தில் வரைந்தாலும் அது அழகான பட்டியல் மட்டுமே.

## தேவையானவை

- இந்த அலகின் வகுப்புக் கொப்பி, டியூட்கள், பாடநூல்
- கடந்தகால வினாத்தாள்கள் சில
- ஏ3 தாள் ஒன்று. கிடைக்காவிட்டால் இரண்டு ஏ4 தாள்களைப் பின்பக்கமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.
- பென்சில், அழிறப்பர், நீலம், பச்சை, சிவப்புப் பேனைகள்
- பின்னர் மீட்டிப் பார்க்க வெற்றுத்தாள்கள் சில

வேலையை இரண்டு அமர்வுகளாகப் பிரியுங்கள். முதல் அமர்வில் குறிப்புகளைச் சரிபார்த்துக் குறியிடுவது. இரண்டாவதில் வரைவது. கல்முனைக்குடியில் பாடசாலை முடிந்து மாலை வகுப்புக்கும் போய் வருகிற பிள்ளைக்கு இஷாவுக்குப் பின்பு ஓர் அமர்வும் மறுநாள் சுபஹுக்குப் பின்பு இன்னொன்றும் வசதியாக இருக்கும். ஒரே மூச்சில் செய்தால் கடைசிக் கிளைகளை அவசரத்தில் வரைவீர்கள். இந்த அலகில் கடைசிக் கிளைகள்தாம் கனமானவை.

## படி 1: குறிப்புகளைச் சரிபாருங்கள்

வரைபடத்தில் ஏறிய பிழை மனத்திலும் ஏறிவிடும். எனவே வரையத் தொடங்குமுன் கொப்பியைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். சேர் சொல்லச் சொல்ல வேகமாக எழுதிய குறிப்பில் ஆண்டுகளும் தொகைகளும் பிழைப்பது வழமை.

1. கொப்பியில் உள்ள ஒவ்வோர் ஆண்டையும் வட்டமிடுங்கள்.
2. அதே ஆண்டு பாடநூலில் எதற்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள்.
3. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உடனே ஒன்றை வெட்டாதீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

மூன்றாவது விதிக்குக் காரணம் இருக்கிறது. ஒரு சீர்திருத்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் உண்டு. டொனமூர் ஆணைக்குழு 1927இல் நியமிக்கப்பட்டது, 1928இல் அறிக்கை வெளிவந்தது, 1931இல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. குறூ-மக்கலம் சீர்திருத்தத்தை 1910 என்று ஒரு கொப்பியும் 1912 என்று இன்னொரு கொப்பியும் சொல்லும். முன்னையது முன்மொழிவின் ஆண்டு, பின்னையது நடைமுறைக்கு வந்த ஆண்டு.

விதி: கிளையின் மேல் பெரிதாக எழுதுவது நடைமுறை ஆண்டு. மற்ற ஆண்டு தேவைப்பட்டால் அது எதற்குரியது என்ற சொல்லோடு சிறிதாக எழுதுங்கள்: "அறிக்கை 1928". சொல் இல்லாமல் தனி ஆண்டை எங்கும் எழுதாதீர்கள்.

கவனம்: கூட்டாளியின் கொப்பியை இரவல் வாங்கினால் அதில் கோடு போடாமல், வேண்டிய பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். உங்கள் சொந்தக் கொப்பியிலும் பென்சிலால் மட்டும் குறியிடுங்கள்.

## படி 2: நான்கு கேள்விகளால் குறிப்பைப் பிரியுங்கள்

கடந்தகால வினாக்களை எடுத்து, இந்த அலகில் என்ன கேட்கிறார்கள் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை நான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்:

1. இந்தச் சீர்திருத்தம் ஏன் வந்தது? (கா – காரணம்)
2. சபை எப்படி அமைந்தது? (ச – சபை)
3. யார் வாக்களித்தார்கள்? (வா – வாக்கு)
4. எது குறையாக நின்றது? (கு – குறை)

இனிக் கொப்பியைத் தொடக்கத்திலிருந்து வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்க ஓரத்தில் கா, ச, வா, கு என்ற நான்கில் ஒன்றை இடுங்கள். நான்கிலும் சேராத வசனங்கள் இருக்கும். உதாரணமாக, கோல்புறூக் பரிந்துரைகளின் விளைவாக இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டது, கறுவா ஏகபோகம் நீக்கப்பட்டது என்பன பொருளாதாரச் செய்திகள். அவற்றுக்கு நட்சத்திரக் குறி இட்டு வையுங்கள். வரைபடத்தில் அந்தக் கிளையின் ஓரத்தில் தனிப்பெட்டியாக அவை வரும்.

இந்தப் படியில் உங்கள் குறிப்பில் எது இல்லை என்பதும் வெளிப்படும். மனிங் சீர்திருத்தத்துக்கு ஒரு "கு" கூட இல்லையா? அப்படியானால் டொனமூர் ஆணைக்குழு ஏன் வந்தது என்ற கேள்விக்கு உங்களால் விடை எழுத முடியாது. பாடநூலில் தேடி அந்த இடத்தை இப்போதே நிரப்புங்கள்.

## படி 3: நடுவும் கிளைகளும்

1. தாளைக் குறுக்காக வையுங்கள்.
2. நடுவில் ஒரு வட்டத்துக்குள் "யாப்புச் சீர்திருத்தங்கள் 1833–1947" என்று எழுதுங்கள். அதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம்.
3. வட்டத்திலிருந்து பென்சிலால் ஐந்து தடித்த கிளைகள் இழுங்கள். மணிக்கூட்டில் 1 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலம் சுற்றி வாருங்கள்: கோல்புறூக்-கமரன் 1833, குறூ-மக்கலம் 1912, மனிங், டொனமூர் 1931, சோல்பரி 1947.
4. மனிங் கிளையை நுனியில் இரண்டாகப் பிரியுங்கள்: தற்காலிகச் சீர்திருத்தம் 1920, அடுத்தது 1924.

மனிங்கை இரண்டு தனிக் கிளையாக வரைய வேண்டாம். ஆளுநர் ஒருவர், கோரிக்கை ஒன்று, குறையும் ஏறக்குறைய ஒன்று. ஒரு கிளை இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, மனிங் சீர்திருத்தம் இரண்டு கட்டமாக வந்தது என்பது மறக்காது.

குறிப்பு: கிளைகளுக்குச் சமமான இடம் கொடுக்காதீர்கள். டொனமூருக்கு மற்றவற்றைவிட இருமடங்கு இடம் விடுங்கள். தாளின் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் அதுவே எடுக்கும்.

## படி 4: சிறுகிளைகள் – டொனமூரை வைத்து ஒரு பயிற்சி

ஒவ்வொரு பெருங்கிளையிலும் அதே நான்கு சிறுகிளைகள், அதே ஒழுங்கில் வர வேண்டும்: கா, ச, வா, கு. ஒழுங்கு மாறாவிட்டால்தான் ஒரு சீர்திருத்தத்தை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

உங்கள் கொப்பியில் இப்படி ஒரு பந்தி இருக்கலாம்:

> டொனமூர் யாப்பு 1931இல் நடைமுறைக்கு வந்தது. சட்டநிரூபண சபைக்குப் பதிலாக அரசாங்க சபை அமைக்கப்பட்டது. அதில் 61 பேர் இருந்தனர். 50 பேர் மக்களால் தெரிவுசெய்யப்பட்டனர், 8 பேர் நியமிக்கப்பட்டனர், 3 பேர் அரச அலுவலர்கள். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டு, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஏழு நிருவாகக் குழுக்கள் இருந்தன. அவற்றின் தலைவர்கள் அமைச்சர்களாயினர். நிதி, சட்டம், வெளிவிவகாரம் போன்றவை அரச அலுவலர் மூவரின் கையில் இருந்தன. ஆளுநருக்கு விசேட அதிகாரங்கள் இருந்தன.

இதை இப்படியே தாளில் எழுதினால் கிளை நிரம்பிவிடும், மனத்தில் எதுவும் நிற்காது. ஒவ்வொரு வசனத்திலும், எந்தச் சொல் போனால் செய்தியே போய்விடும் என்று பார்த்து அந்தச் சொல்லை மட்டும் எடுங்கள்:

- கா: (மனிங் கிளையிலிருந்து அம்பு வரும், இப்போது வெறுமையாக விடுங்கள்)
- ச: அரசாங்க சபை 61 = 50 + 8 + 3
  - 7 குழுக்கள் → 7 அமைச்சர்
  - 3 அரச அலுவலர்: பிரதம, நிதி, சட்டச் செயலாளர்
- வா: 21+, ஆண் பெண், சொத்து கல்வி நிபந்தனை இல்லை
  - இனவாரி ✗
- கு: 3 முக்கிய துறை அமைச்சரிடம் இல்லை
  - ஆளுநர் அதிகாரம்
  - குழுமுறை: கூட்டுப்பொறுப்பு இல்லை

கடைசி வரியைக் கவனியுங்கள். மாதிரிப் பந்தியில் அது இல்லை, படி 2இல் வெற்றிடம் கண்டு பாடநூலிலிருந்து சேர்த்தது. ஒவ்வோர் அமைச்சரும் தன் குழுவோடு தனித்தனியாக இயங்கினார். ஓர் அமைச்சரவையாகச் சேர்ந்து சபைக்குப் பொறுப்புச் சொல்லும் முறை இருக்கவில்லை. பின்னர் சோல்பரி யாப்பில் பிரதமரும் அமைச்சரவையும் ஏன் வந்தன என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

மற்ற நான்கு கிளைகளையும் இதே முறையில் எழுதுங்கள். கோல்புறூக் கிளையின் காரணத்துக்கு முன் கிளை இல்லை. கரையோரமும் கண்டிப் பிரதேசமும் தனித்தனி நிருவாகத்தில் இருந்தன, செலவு கூடியது என்பவற்றை அங்கே நேரே எழுதுங்கள். சபை என்ற சிறுகிளையில் ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் ஒரு விகிதத்தை மட்டும் பெரிதாக எழுதினால் போதும். முதலாவது எண் உத்தியோகபூர்வ அங்கத்தவர், இரண்டாவது உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்:

- 1833: 9 – 6
- 1912: 11 – 10
- 1920: 14 – 23
- 1924: 12 – 37

இந்த நான்கு வரியையும் வலம் சுற்றிப் பார்த்தால், பெரும்பான்மை எங்கே கை மாறியது என்பது தெரிந்துவிடும். 1912 வரை அரசாங்க உத்தியோகத்தர் பக்கம் பாரம், 1920இல் மற்றப் பக்கம். அந்த இடத்தில் சிவப்பால் ஒரு கோடு இடுங்கள். 1931இல் சபையின் அமைப்பே மாறிவிட்டதால் இந்த விகிதத்தை அங்கே தேடாதீர்கள்.

வாக்கு என்ற சிறுகிளையில் மாணவர் கூடுதலாகத் தவறும் இடம் 1912. தேர்தல் அப்போதுதான் நுழைந்தது, ஆனால் உத்தியோகப்பற்றற்ற 10 பேரில் தெரிவுசெய்யப்பட்டவர் 4 பேர் மட்டுமே: ஐரோப்பியர் இருவர், பறங்கியர் ஒருவர், படித்த இலங்கையர் ஒருவர். வாக்களிக்கக் கல்வியும் வசதியும் வேண்டும். அந்தப் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு 1911இல் நடந்த தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். எனவே கிளையில் "தேர்தல் ✓ (4)" என்றும் 1931 கிளையில் "சர்வசனம் ✓" என்றும் வேறு வேறு சொல்லில் எழுதுங்கள். இரண்டுக்கும் "வாக்குரிமை" என்ற ஒரே சொல்லை எழுதினால் பரீட்சையில் இரண்டும் கலந்துவிடும்.

## படி 5: குறையிலிருந்து காரணத்துக்கு அம்பு

வரைபடத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. சிவப்புப் பேனையை எடுத்து, ஒவ்வொரு கிளையின் "கு" விலிருந்து அடுத்த கிளையின் "கா" வுக்கு ஓர் அம்பு வரையுங்கள். அம்பின் மேல் இரண்டு மூன்று சொல் எழுதுங்கள்.

1. 1833 → 1912: எல்லாரும் ஆளுநரின் நியமனம், உத்தியோகத்தர் பெரும்பான்மை. படித்த வகுப்பினர் தேர்தல் கேட்டார்கள். அம்பின் மேல்: "தெரிவு வேண்டும்".
2. 1912 → 1920: நால்வர் மட்டுமே தெரிவு, பெரும்பான்மை இன்னும் அரசாங்கத்திடம். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாகிக் கோரிக்கையை வலுப்படுத்தியது. அம்பின் மேல்: "காங்கிரஸ் 1919, பெரும்பான்மை வேண்டும்".
3. 1924 → 1931: சபையில் பெரும்பான்மை மக்கள் பிரதிநிதிகளிடம், நிருவாகமோ ஆளுநரிடம். பிரதிநிதிகளால் தடுக்க முடிந்தது, நடத்த முடியவில்லை. அம்பின் மேல்: "அதிகாரம் ஒரு பக்கம், பொறுப்பு மறு பக்கம்".
4. 1931 → 1947: அமைச்சரவைக் கூட்டுப்பொறுப்பு இல்லை, முக்கிய துறைகள் அலுவலரிடம். அதோடு, இனவாரிப் பிரதிநிதித்துவம் போனபின் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அம்பின் மேல்: "அமைச்சரவை + சிறுபான்மைக் காப்பு".

நான்காவது அம்புக்கு இரண்டு பகுதி இருப்பதால் சோல்பரி கிளையில் அவற்றுக்கு இரண்டு விடையும் இருக்க வேண்டும். ஒன்று, பிரதமர் தலைமையில் அமைச்சரவை. மற்றது, எந்தச் சமூகத்துக்கும் மதத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைத் தடுத்த 29ஆம் பிரிவு. பிரதிநிதிகள் சபையில் 101 பேர் (95 தெரிவு, 6 நியமனம்), செனற் சபையில் 30 பேர் என்பவை "ச" வில் வரும்.

சோல்பரியின் குறையிலிருந்து வரும் அம்பைத் தாளின் விளிம்பு வரை இழுத்து "1972 குடியரசு" என்று எழுதி விடுங்கள். 1948இல் சுதந்திரம் கிடைத்தபின்னும் முடிக்குரிய தொடர்பு நீடித்தது. அது அறுந்த கதை அடுத்த அலகுக்கு உரியது.

எப்படித் தெரியும், சரியாகச் செய்தோமா என்று? ஓர் அம்பின் மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் கை நின்றால், அந்த இடம் இன்னும் விளங்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசியுங்கள். முழு அலகையும் தொடக்கத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை.

## படி 6: ஊரோடு ஒரு முடிச்சு

பெயர்கள் தூரமாகத் தோன்றும்போது, நம் பகுதியோடு தொடர்புள்ள ஒருவரைக் கிளையில் தொங்கவிட்டால் சட்டம் என்ன செய்தது என்பது உருவம் பெறும். இந்த அலகுக்கு அப்படி ஒருவர் கிடைக்கிறார்: எச். எம். மாக்கான் மாக்கார்.

1889இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கு என்று ஓர் ஆசனம் முதன்முதலாக வந்தது. எம். சி. அப்துல் ரகுமான் அதற்கு நியமிக்கப்பட்டார். 1924 மனிங் சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்கு மூன்று இனவாரி ஆசனங்கள் கிடைத்தன. தெரிவான மூவரில் மாக்கான் மாக்கார் ஒருவர். 1931இல் இனவாரி ஆசனம் ஒழிந்தது. இப்போது அவர் மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் நின்று, அங்குள்ள எல்லாச் சமூகத்தவரின் வாக்கையும் கேட்க வேண்டியிருந்தது. வென்று அரசாங்க சபைக்குப் போய் அமைச்சராகவும் ஆனார். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உருவானது, அன்று கல்முனைப் பகுதி மட்டக்களப்பின் தெற்கில் அடங்கியது. 1947இல் கல்முனை தனித் தொகுதியாக நின்றபோது எம். எஸ். காரியப்பர் அதன் பிரதிநிதியானார்.

இதைப் பச்சைப் பேனையால் வரைபடத்தில் இடுங்கள்:

- கோல்புறூக் கிளை நுனியில்: "1889 அப்துல் ரகுமான் – நியமனம்"
- 1924 நுனியில்: "மாக்கான் மாக்கார் – இனவாரி"
- 1931 நுனியில்: "மாக்கான் மாக்கார் – மட்டக்களப்பு தெற்கு, தொகுதி"
- 1947 நுனியில்: "காரியப்பர் – கல்முனை"

நியமனம், இனவாரித் தெரிவு, தொகுதித் தெரிவு என்ற மூன்று படிநிலையும் நான்கு பச்சைக் குறிப்பில் வந்துவிட்டது. இனவாரிப் பிரதிநிதித்துவத்துக்கும் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்துக்கும் வேறுபாடு கேட்டால், ஒரே மனிதர் இரண்டு வழியாலும் சபைக்குப் போனதை நினைத்தால் போதும்.

கவனம்: பச்சைக் குறிப்புகள் நினைவுக்கான துணை. வினா கேட்காதபோது விடைத்தாளில் இவற்றை விரிவாக எழுதி நேரத்தை இழக்காதீர்கள்.

## படி 7: கொப்பியை மூடி மறுபடி வரையுங்கள்

வரைந்து முடித்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, படித்தாயிற்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கொப்பியைத் திறந்து வைத்து வரைந்த வரைபடம் ஒழுங்குபடுத்திய குறிப்பு மட்டுமே. 2011இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக்கே, ஜேனல் பிளண்ட் இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாடத்தைப் பார்த்தபடி கருத்து வரைபடம் வரைந்த மாணவரைவிட, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிய மாணவர் ஒரு கிழமைக்குப் பின் நடந்த சோதனையில் கூடுதலாகச் செய்தனர். எனவே இரண்டையும் சேருங்கள்: முதல் வரைபடம் பார்த்து, அடுத்தவை பாராமல்.

1. வரைந்த மறுநாள், ஏ4 வெற்றுத்தாளில் பார்க்காமல் வரையுங்கள். ஐந்து கிளை, நான்கு சிறுகிளை, நான்கு சிவப்பு அம்பு. அழகு வேண்டாம். 20 நிமிடத்தில் நிறுத்துங்கள்.
2. முதல் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். விட்டதையும் பிழையானதையும் சிவப்பால் எழுதுங்கள்.
3. மூன்று நாள் கழித்து மறுபடி. இந்த முறை, போன முறை சிவப்பு விழுந்த கிளைகளை முதலில் வரையுங்கள்.
4. ஒரு கிழமை கழித்து மீண்டும். பின்னர் பரீட்சைக்கு முன் ஒரு தடவை.

இரண்டாம் தடவையும் ஒரே இடம் விடுபட்டால் முதல் தாளில் அந்தச் சிறுகிளையை மாற்றி எழுதுங்கள். சொல் கூடிவிட்டதா, இரண்டு செய்தி ஒரே வரியில் நெருங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மறதிக்குக் காரணம் பல நேரம் தாளில்தான் இருக்கும்.

குறிப்பு: உம்மாவிடமோ காக்காவிடமோ முதல் தாளைக் கொடுத்து, ஏதாவது ஓர் அம்பைத் தொட்டு "இது ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு வரலாறு தெரிந்திருக்கத் தேவையில்லை. கேட்பவருக்கு விளங்கும்படி இரண்டு வசனத்தில் சொல்ல முடிந்தால் அந்த அம்பு உங்களுடையது.

## வரைபடத்திலிருந்து விடைக்கு

வரைபடத்தில் சொற்கள் மட்டும் உண்டு. புள்ளி கிடைப்பது வசனத்துக்கு. ஆகவே வாரத்தில் ஒரு தடவையாவது ஒரு கிளையை விடையாக எழுதிப் பழகுங்கள். "டொனமூர் யாப்பு இலங்கையரின் அரசியல் முன்னேற்றத்துக்கு எவ்வாறு உதவியது?" என்று வினா வந்தால் கிளையை இப்படி வாசியுங்கள்:

1. உள்வரும் அம்பிலிருந்து ஒரு வசனம்: மனிங் காலத்தில் எது போதாமல் இருந்தது.
2. "வா" விலிருந்து இரண்டு வசனம்: சர்வசன வாக்குரிமை, இனவாரி முறையின் நீக்கம்.
3. "ச" விலிருந்து இரண்டு வசனம்: குழுக்கள், அமைச்சர்கள், நிருவாகப் பயிற்சி.
4. வினா "எவ்வாறு உதவியது" என்று கேட்பதால் "கு" வை விடுங்கள். "குறைகளை விளக்குக" என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

வினாவில் உள்ள ஏவற்சொல் எந்தச் சிறுகிளையைக் கேட்கிறது என்று முதலில் தீர்மானிப்பதே இங்கு பழக வேண்டியது. முழுக் கிளையையும் கொட்டுபவர் நேரத்தையும் புள்ளியையும் இழப்பார்.

## வழக்கமான பிழைகள்

- கொப்பியின் தலைப்புகளையே கிளையாக்குதல். அதில் தொடர்பு தெரியாது. நான்கு கேள்விகளால் பிரித்தபின்பே வரையுங்கள்.
- முழு வசனம் எழுதுதல். ஒரு சிறுகிளைக்கு ஐந்தாறு சொல் மேல் போனால் வெட்டுங்கள்.
- வண்ணம் கூடுதல். நீலம் உண்மைச் செய்திக்கு, சிவப்பு அம்புக்கும் திருத்தத்துக்கும், பச்சை ஊர்த் தகவலுக்கு. நான்காவது வண்ணம் வந்தால் எந்த வண்ணம் எதற்கு என்பதையும் மனனம் செய்ய நேரும்.
- வேறொருவரின் வரைபடத்தைப் பிரதியெடுத்தல். படி 2உம் படி 5உம் அதில் உங்களுக்கு நடக்கவில்லை. ஒப்பிட்டுத் திருத்த மட்டும் அதைப் பாவியுங்கள்.
- பாடநூற் சொல்லை மாற்றுதல். சபைகளின் பெயரைப் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள்.

## பாதுகாப்பு

- வரைபடத்தையோ அதன் சிறு பிரதியையோ பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பையிலோ பேனைப் பெட்டியிலோ மறந்து இருந்தாலும் பரீட்சை மோசடி என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். முதல் நாள் இரவே பெட்டியைத் திறந்து பாருங்கள்.
- பரீட்சைக்கு முதல் இரவில் புதிய வரைபடம் தொடங்காதீர்கள். அந்த இரவுக்கு உரியது ஒரு தடவை பாராமல் வரைவதும் நேரத்துக்கு உறங்குவதும்.
- முதல் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கடற்காற்றில் ஈரம் பிடித்த தாளில் பேனை மை ஊறிவிடும். சுவரில் ஒட்டுவதானால் யன்னலுக்கு எதிரே வேண்டாம்.

## அடுத்த அலகுக்குப் போகுமுன்

கா, ச, வா, கு என்ற நான்கு எழுத்தும் இந்த அலகுக்குப் பொருந்துவன. கைத்தொழிற் புரட்சிக்கு அவை பொருந்தாது: அங்கே கண்டுபிடிப்பு, யார், எந்தத் துறை, சமூக விளைவு என்று கேட்க வேண்டும். கண்டி இராச்சியத்துக்கு, யாரோடு போர், என்ன உடன்படிக்கை, யாருக்கு இலாபம் என்று கேட்க வேண்டும். ஒவ்வோர் அலகுக்கும் முதலில் கடந்தகால வினாத்தாளைப் பிரித்து, அந்த அலகுக்கு உரிய மூன்று நான்கு கேள்விகளைக் கண்டுபிடியுங்கள். அதன்பின் படி 3இலிருந்து எல்லாம் இதே ஒழுங்குதான்.